கருவூலக் கண்காணிப்பாளர் அம்மாவுக்கு ஒரு பாராட்டுரை: எழுதுவதும் வாசிப்பதும்

கேள்வி: எங்கள் சார் கருவூலத்தில் கண்காணிப்பாளர் அம்மா இந்த மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். 1988இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர். பில்லில் குறை இருந்தால் எல்லாக் குறையையும் ஒரே சீட்டில் எழுதி அனுப்புவார், யாரையும் அலைய விடமாட்டார். மாடி ஏற முடியாத ஓய்வூதியர் வந்தால் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கே போவார். விழாவுக்கு அவர் கணவர், மகள், பேத்தி எல்லாரும் வருகிறார்கள். பாராட்டுரையை நான்தான் வாசிக்க வேண்டும். வழக்கமான மடல் மாதிரி இல்லாமல், மரியாதையும் குறையாமல் எப்படி எழுதுவது? ஒரு மாதிரி தர முடியுமா?

பதில்:

உரைக்கு வேண்டிய சரக்கு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அந்தச் சீட்டும் ஆட்டோவும் போதும். நான் பல வருடம் பில் எழுத்தராகக் கருவூல ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நின்றவன். எல்லாக் குறையையும் ஒரே தடவையில் சொல்லும் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தால், வெளியே நிற்பவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். இப்படி ஒன்று கையில் இருக்கும்போது "கடமை, கண்ணியம், கட்டுப்பாடு மூன்றின் மொத்த உருவமே" என்று தொடங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். அந்த வரியைப் பெயரை மட்டும் மாற்றிப் பக்கத்து அலுவலகத்து விழாவிலும் வாசிக்கலாம். சீட்டைப் பற்றிச் சொன்னால் அது அவருக்கு மட்டும்தான் பொருந்தும்.

எழுத உட்காரும் முன், யாரிடம் பேசப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மண்டபத்தில் பெரும்பாலோர் அம்மாவோடு வேலை பார்த்தவர்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரை வேலை செய்யும் இடத்தில் பார்க்காதவர்கள் முன்வரிசையில் இருக்கும் கணவரும் மகளும் பேத்தியும்தான். அவர் இத்தனை வருடம் எங்கே போய் என்ன செய்துவிட்டு வந்தார் என்று அவர்களுக்கு முழுசாகத் தெரியாது. அவர்களிடம் பேசுங்கள். அப்படி வைத்துக்கொண்டால் அலுவலக மொழி தானாகக் குறையும். பில் என்றால் என்ன, நேர்காணல் என்றால் என்ன என்று ஒரு வரியில் விளக்க வேண்டி வரும், சக ஊழியர்களும் தங்கள் வேலையை வெளியே நின்று பார்ப்பதுபோல் கேட்பார்கள்.

நீளம் 6, 7 நிமிடம் போதும். மேடையில் நிதானமாகத் தமிழ் வாசிக்கும்போது நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் வரை போகும். அதாவது 600 சொல்லுக்குள். மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர்கள் எப்போதுமே அதிகம், ஏனென்றால் அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது பலருக்கு மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியைப் பிறந்தநாளாகப் போட்டுவிடுவார்கள். அதனால் உங்கள் விழாவுக்கு வரும் விருந்தினருக்கு அதே மாலையில் இன்னும் இரண்டு விழா இருக்கும். நீளமாகப் பேசினால் பாதியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்.

தகவல்களைப் பணிப்பதிவேட்டில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். சேர்ந்த தேதி, எந்தெந்த ஊரில் இருந்தார், பதவி உயர்வு வந்த வருடம் ஆகியவற்றைத் தப்பாகச் சொன்னால் அவரே மேடையில் திருத்துவார். அரசு விதிப்படி வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதக் கடைசி. ஆகவே விழா நாளைப் பிறந்தநாள் என்று நினைத்து வாழ்த்திவிடாதீர்கள். 31ஆம் தேதி விடுமுறையில் விழுந்தால் விழாவை முந்தைய வேலை நாளில் வைத்துவிடுவார்கள். அப்போது "இன்றோடு ஓய்வு பெறுகிறார்" என்று எழுதக் கூடாது.

அப்புறம் இரண்டு பேரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். ஒருவர் உங்கள் அலுவலக உதவியாளர், இன்னொருவர் வெளி அலுவலகத்திலிருந்து பில் கொண்டுவரும் எழுத்தர் யாராவது. "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். "மார்ச் 31 ராத்திரி அம்மா என்ன செய்வார்?" என்று கேளுங்கள். அதற்குத்தான் கதை வரும்.

கீழே மாதிரி. சீட்டும் ஆட்டோவும் நீங்கள் சொன்னவை. மற்ற சின்னச் சின்ன விவரங்கள் கருவூலங்களில் பொதுவாக நடப்பதை வைத்து நான் நிரப்பியவை. அந்த இடங்களில் உங்கள் அலுவலகத்தில் உண்மையிலேயே நடந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்.

*

தலைமை தாங்கும் கருவூல அலுவலர் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, பக்கத்து அலுவலகங்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, எங்கள் அலுவலகத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாவின் குடும்பத்தாரே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது அம்மாவின் குடும்பத்தாரிடம். எங்களுக்கு அம்மாவைத் தெரியும். பகல் முழுக்கக் கூடவே இருந்திருக்கிறோம். நீங்கள் பார்த்தது காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிய அம்மாவை. மார்ச் மாதத்தில் இருட்டின பிறகு வீடு திரும்பிய அம்மாவை. நடுவில் அவர் என்ன செய்தார் என்று நாங்கள் சொல்கிறோம்.

எண்பத்தெட்டாம் வருடம் அம்மா இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது கருவூலத்தில் கணினி கிடையாது. எல்லாம் காகிதம், எல்லாம் கையெழுத்து. அன்றன்றைக்கு வரவும் செலவும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் வரை யாரும் எழுந்திருக்க முடியாது. அந்த ஒரு ரூபாயைத் தேடி அம்மா எத்தனை பஸ்ஸை விட்டிருப்பார் என்று அம்மாவின் கணவர் ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். பிறகு கணினி வந்தது. அதற்குப் பிறகு எல்லாமே ஆன்லைன் என்றானது. நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதை இன்னொரு தடவை காட்டுப்பா" என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். மூன்றாவது மாதம் அந்தப் பிள்ளைகள் அம்மாவிடம் சந்தேகம் கேட்டார்கள்.

இப்போது பாப்பாவுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். உங்கள் பள்ளிக்கூடத்து டீச்சருக்குச் சம்பளம் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் பணம் வேண்டும். அதற்கெல்லாம் ஒரு பில் எழுதி எங்களிடம் அனுப்புவார்கள். பில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பாட்டியின் வேலை.

சில இடங்களில் எப்படி நடக்கும் தெரியுமா? சான்று இல்லை என்று பில் திரும்பி வரும். சான்றை வைத்துக் கொண்டுபோனால், கணக்குத் தலைப்பு தப்பு என்று திரும்பும். அதையும் சரிசெய்தால், கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று திரும்பும். ஒரு பில்லுக்கு மூன்று நடை. அதற்குள் மாதம் முடிந்துவிடும்.

எங்கள் அம்மா அப்படிச் செய்ததில்லை. பில்லை முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பார். ஒரு துண்டுச் சீட்டை எடுப்பார். இருக்கிற குறை எல்லாவற்றையும் வரிசையாக எண் போட்டு எழுதுவார். பில்லோடு சேர்த்துக் குண்டூசி குத்திக் கொடுப்பார். சீட்டில் ஐந்து குறை இருந்தால் ஐந்தும் சரியாக வேண்டும். அதில் யார் வந்து கேட்டாலும் தள்ளுபடி கிடையாது. ஆனால் ஆறாவது ஒன்று வராது.

மார்ச் முப்பத்தொன்று ராத்திரியும் அதே சீட்டுதான். வருடத்துக்கு ஒதுக்கிய பணம் அன்றைக்குள் எடுக்காவிட்டால் போய்விடும் என்று எல்லா அலுவலகமும் எங்கள் வாசலில் நிற்கும். எங்களுக்குக் கை நடுங்கும். அம்மாவின் கையெழுத்து மட்டும் காலையில் இருந்தது போலவே இருக்கும்.

இன்னொன்று. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய வருடத்துக்கு ஒரு முறை எங்களிடம் நேர்காணலுக்கு வருவார்கள். எங்கள் அலுவலகம் மாடியில். முடியாதவர்கள் கீழே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கூட வந்தவர் மேலே வந்து தயங்கித் தயங்கிச் சொல்லும்போதே அம்மா பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மைப்பெட்டியையும் எடுத்துக்கொள்வார், கை நடுங்கினால் ரேகை வைக்கலாம் என்று. ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்று முதலில் கேட்பது, "சாப்பிட்டீங்களா ஐயா?" அதற்குப் பிறகுதான் கையெழுத்து. கீழே இறங்கிப் போகச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

அம்மா சேர்ந்தபோது ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. இரண்டாயிரத்து இருபதில் அரசு அதை ஐம்பத்தொன்பது ஆக்கியது. அடுத்த வருடம் அறுபது ஆக்கியது. அந்த இரண்டு வருடம் எங்களுக்கு லாபம். உங்களுக்கு நஷ்டம். அதற்காக அம்மாவின் கணவர் ஐயாவிடமும் மகளிடமும் இந்த அலுவலகத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன்.

அம்மா, இதுவரை உங்களைப் பற்றிச் சொன்னேன். இனி உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் நாற்காலியில் நாளை வேறொருவர் உட்காருவார். அவருக்கு மேசை இழுப்பறையில் ஒரு கட்டுத் துண்டுச் சீட்டு வைத்திருக்கிறோம். எப்படி எழுத வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்போம்.

அடுத்த மாதம் முதல் நீங்களும் ஓய்வூதியர். நேர்காணலுக்கு எங்களிடமே வாருங்கள். இன்றைக்கு நீங்கள் எங்களைவிட வேகமாக மாடி ஏறுவீர்கள். என்றைக்காவது முடியவில்லை என்றால் ஏற வேண்டாம். கீழே இருந்து ஒரு போன் போடுங்கள். பதிவேட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் இறங்கி வருகிறோம்.

வணக்கம்.

*

இதை உங்கள் கைக்கு ஏற்ப மாற்றும்போது சில இடங்களில் கவனம் வேண்டும்.

சீட்டுப் பகுதிக்கு அதிக இடம் கொடுத்திருப்பது வேண்டுமென்றேதான். பாராட்டுரை என்றாலே பணிவாழ்க்கை முழுவதையும் ஊர் ஊராகச் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அந்தப் பட்டியலைத் தலைமை உரையில் எப்படியும் வாசிப்பார்கள். நீங்கள் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து, அதைக் கண்ணால் பார்க்கிற அளவுக்கு விரித்தால் போதும். "சீட்டு எழுதுவார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அது தகவல்தான். எண் போடுவதையும் குண்டூசியையும் சொன்னால், பின்வரிசையில் அந்தச் சீட்டை வாங்கியவர்கள் சிரிப்பார்கள்.

அவருடைய கண்டிப்பை மறைக்காதீர்கள். கண்காணிப்பாளர் என்றால் நாலு பேருக்குக் கசப்பு இருக்கத்தான் செய்யும். "எல்லாரிடமும் அன்பாகவே இருந்தார்" என்று மட்டும் வாசித்தால் அந்த நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தள்ளுபடி கிடையாது என்பதை முதலில் சொல்லி, ஆறாவது குறை வராது என்பதை அடுத்து வைத்தால் கண்டிப்பும் பாராட்டாகிவிடும். பில் மூன்று முறை திரும்பும் கதையைச் "சில இடங்களில்" என்றுதான் சொல்ல வேண்டும். மேடையில் கருவூல அலுவலர் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவைப் பாராட்டப் போய் அலுவலகத்தைக் குறை சொன்னதாக ஆகிவிடக் கூடாது.

"அவர்" என்பதிலிருந்து "நீங்கள்" என்று மாறுவது ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும், அதுவும் கடைசியில். பல உரைகளில் ஒரு வரி சபையிடம், அடுத்த வரி அவரிடம் என்று மாறி மாறி வரும். வாசிக்கிறவர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தாளையே பார்த்துக்கொண்டு நிற்பார். இந்த மாதிரியில் கடைசிப் பகுதி வரும்போது தாளைத் தாழ்த்தி, உடம்பைத் திருப்பி, அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அந்த வரிகள் மனப்பாடமாக இருக்கட்டும்.

"அவர்கள்" என்பதை விளிப்பில் மட்டும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் "அம்மா அவர்கள்" என்று வந்தால் வாசிப்பு தட்டிக்கொண்டே போகும். "செய்தார், போவார்" என்பதிலேயே மரியாதை இருக்கிறது.

சேர்க்க வேண்டாதவற்றில் முதலாவது பணம். பணிக்கொடை எவ்வளவு, ஓய்வூதியம் எவ்வளவு என்று விளையாட்டாகக்கூடத் தொடக் கூடாது. உடல்நலம், தள்ளிப்போன பதவி உயர்வு, நிலுவையில் இருக்கும் தணிக்கைத் தடை இதெல்லாமும் வேண்டாம். "வீட்டையும் கவனித்துக்கொண்டு அலுவலகத்தையும் கவனித்தார்" என்ற வரியையும் விட்டுவிடுங்கள். ஆண் கண்காணிப்பாளர் ஓய்வு பெறும்போது அதை யாரும் சொல்வதில்லை. ஆட்டோவில் வந்த பெரியவர் யார் என்று ஊருக்குத் தெரியும்படியும் சொல்ல வேண்டாம். குறள் எதுவும் நான் வைக்கவில்லை. உங்களுக்கு முன்னால் பேசுகிற நாலு பேரில் இரண்டு பேராவது வைப்பார்கள்.

பெயர் பொறித்துச் சட்டம் போட்டுக் கொடுக்கும் மடலும் இந்த உரையும் வேறு வேறு. மடல் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு. அதில் அடைமொழி இருக்கலாம், எதுகை மோனையோடு இருக்கலாம். அதையே மேடையில் வாசித்தால், நீண்ட வாக்கியத்தின் முடிவு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். காதால் கேட்பவரால் திரும்பிப் போய்ப் படிக்க முடியாது. அதனால்தான் இங்கே வாக்கியங்கள் குட்டையாக இருக்கின்றன, வருடங்களும் எழுத்தில் இருக்கின்றன. "2020" என்று எண்ணில் போட்டால், பதற்றத்தில் இருக்கும்போது வாய் குழறும்.

தாளைக் கொஞ்சம் பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு அச்செடுங்கள். ஒரு பத்தி பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த தாளில் முடியும்படி விடாதீர்கள். குறிப்பாக ஆறாவது குறை வரியும் அதற்கு முந்தைய வரியும் ஒரே தாளில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாள் புரட்டும் நேரத்தில் சிரிப்பு போய்விடும். அந்த வரிக்குப் பிறகு நிறுத்துங்கள், கைதட்டல் அடங்கட்டும். முந்தைய நாள் ஒரு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள், மனதுக்குள் வாசிப்பது கணக்கில் வராது. எந்த வரியில் தொண்டை அடைக்கிறதோ அதை இன்னும் சுருக்குங்கள். நின்று மூச்சு வாங்கினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நீளமான வாக்கியத்தின் நடுவில் குரல் உடைந்தால் பிடித்து முடிப்பது கஷ்டம். ஒரு பிரதியைப் பக்கத்தில் இருக்கும் நண்பரிடமும் கொடுத்து வையுங்கள்.

மற்றவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டு, "ரெண்டே நிமிஷம்" என்று உங்களைக் கூப்பிடுவதும் நடக்கும். அதற்காக இப்போதே தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எண்பத்தெட்டுப் பத்தியும் மார்ச் பத்தியும் போகலாம், ஓய்வு வயதுப் பத்தியையும் விடலாம், நன்றி மட்டும் ஒரு வரியில் இருக்கட்டும். பேத்திக்குச் சொல்லும் விளக்கத்தை விடாதீர்கள், ஏனென்றால் அது இல்லாமல் சீட்டு அந்தக் குழந்தைக்குப் புரியாது.